அவரா, அவரையா?

விடைத்தாள் திருத்தும் முகாமின் இரண்டாம் நாள் காலை, பதினோரு மணி வாக்கில், முப்பத்திரண்டாம் கேள்வியில் கமா டீச்சரின் சிவப்புப் பேனா நின்றது.

கமா டீச்சர் என்பது அவள் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர். கட்டுரை நோட்டுகளில் விடுபட்ட காற்புள்ளிகளையெல்லாம் தேடிப்பிடித்து வட்டம் போடுவாள் என்பதால் வந்தது. நாளடைவில் சக ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இருபத்தொரு வருடமாக ஆங்கிலம் எடுக்கிறாள். முகாமுக்கு வருவது இது பதினான்காவது முறை. முகாம் என்றால் வேறொன்றுமில்லை. யாரோ ஒருவருடைய பள்ளிக்கூடத்தின் பெரிய கூடம், இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்ட பெஞ்சுகள், காற்றைவிடச் சத்தம் அதிகம் தருகிற மின்விசிறிகள், தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு கல். காலையில் இருபது தாள், மதியம் இருபது தாள். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

முப்பத்திரண்டாம் கேள்வி ஒரு மதிப்பெண் கேள்வி. கோடிட்ட இடத்தை who அல்லது whom கொண்டு நிரப்ப வேண்டும்:

The man ____ everyone thought was the driver was the owner of the company.

எல்லாரும் டிரைவர் என்று நினைத்த மனிதர்தான் கம்பெனியின் முதலாளி. மேலிடத்திலிருந்து உறையில் வந்த விடைக்குறிப்பில் இதற்கு whom என்று அச்சாகியிருந்தது. முதல் நாள் நாற்பது தாளையும் அவள் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் திருத்தியிருந்தாள். whom என்றால் ஒன்று, who என்றால் பூஜ்யம். ஒரு மதிப்பெண் கேள்விகளில் யாரும் யோசிப்பதில்லை. கண் குறிப்பைப் பார்க்கும், கை தானாக ஓடும்.

இப்போது கையிலிருந்த தாளில் who என்று எழுதியிருந்தது. அவள் பெருக்கல் குறி போட்டும் விட்டாள். போட்ட பிறகுதான் ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதியிருந்ததைப் பார்த்தாள். இரண்டே வரி.

everyone thought he was the driver. பக்கத்தில் ஒரு டிக்.

everyone thought him was the driver. பக்கத்தில் ஒரு பெருக்கல்.

அவ்வளவுதான். எந்த ஊர்ப் பிள்ளையோ, ஆணோ பெண்ணோ தெரியாது. சோதித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறது.

கமா டீச்சருக்கு முகம் சூடாகியது. அவளே வகுப்பில் வருடா வருடம் சொல்லித்தருகிற சோதனை அது. கோட்டுக்கு முன்னால் இருப்பதை மூடிவிடு. மிச்சமிருப்பதை ஒரு சாதாரண வாக்கியமாக மாற்றிப் போடு. விட்ட இடத்தில் he பொருந்துகிறதா, him பொருந்துகிறதா என்று பார். he என்றால் who. him என்றால் whom. இரண்டும் m-இல் முடிகிறதல்லவா, அதை வைத்து ஞாபகம் வைத்துக்கொள். இவ்வளவையும் கத்திக் கத்திச் சொல்லிவிட்டு, தானே அதைச் செய்து பார்க்காமல் நேற்று நாற்பது தாளைத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

இன்னொரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். Everyone thought he was the driver. சந்தேகமேயில்லை. who-தான் சரி. குறிப்பு தப்பு.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தலைமைத் தேர்வாளரை எல்லாரும் சீஃப் என்பார்கள். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அவர் எழுதிய இலக்கணக் கையேடு ஆறு பதிப்பு கண்டது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பையில் அது இருந்தது. நல்ல மனிதர்தான், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். ஆனால் தான் சொன்னதை இன்னொருவர் மாற்றிச் சொன்னால் காதில் விழாதது மாதிரி இருந்துவிடுவார்.

"சார், முப்பத்திரண்டு. குறிப்புல தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"whom-னு போட்டிருக்காங்க. who வரணும்."

சீஃப் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு கேள்வியைப் படித்தார். பிறகு சிரித்தார்.

"வாங்க டீச்சர், உட்காருங்க. ரொம்ப சுலபம். எல்லாரும் யாரை டிரைவர்னு நெனச்சாங்க? யாரை! யார்னா who. யாரைன்னா whom. முப்பது வருஷமா இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளை தப்பு பண்ணினதில்ல."

அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் யாரை டிரைவர் என்று நினைத்தார்கள். காதுக்கு அது அச்சு அசலாகச் சரியாகத்தான் இருந்தது.

"இல்ல சார்... he போட்டுப் பாருங்களேன்..."

"தமிழ்லயே தெளிவா இருக்கும்போது சுத்தி வளைக்கணுமா?"

அடுத்த பெஞ்சிலிருந்து ஒல்லி சார் கழுத்தை நீட்டினார். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது, எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பார். "மேடம் சொல்றது கரெக்ட் சார். இப்பல்லாம் யார் சார் whom சொல்றாங்க? அது செத்துப்போன வார்த்தை. எங்க போட்டாலும் who ஓகே."

"நான் அதைச் சொல்லல," என்றாள் கமா டீச்சர்.

"நான் உங்களுக்குத்தானே மேடம் சப்போர்ட் பண்றேன்?"

"வேணாம். நீங்க சொல்ற காரணம் வேற. who-வும் பரவாயில்லைன்னு நான் சொல்லல. பழைய கண்டிப்பான இலக்கணப்படியே இங்க whom தப்புன்னு சொல்றேன்."

ஒல்லி சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. சீஃப் இருவரையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "பாருங்க, உங்களுக்குள்ளயே ஒத்துப்போகல. டீச்சர், குறிப்பு மேலேர்ந்து வந்தது. நாம திருத்த வந்தவங்க. கட்டு பாக்கி நிக்குது, போங்க."

அவள் வந்து உட்கார்ந்தாள். அன்றைய மிச்சத் தாள்களை எல்லாம் திருத்தினாள், முப்பத்திரண்டை மட்டும் தொடவில்லை. சாயங்காலம் கூட்டல் சரிபார்ப்பவர் கட்டோடு திரும்பி வந்தார். "மேடம், நிறைய தாள்ல ஒரு கேள்வி விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. விட்டிருக்கேன்."

"அப்படி வாங்கிக்க எங்களுக்கு ஆர்டர் இல்லையே."

கட்டு அவள் மேசையிலேயே கிடந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அவளை மட்டும் முகாம் அலுவலர் கூப்பிட்டு, நாளைக்குக் காலை பத்து மணிக்குள் முடித்துத்தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கணவன் ஏற்கெனவே வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடங்களின் மோட்டார் அறைகளில் காலம் தள்ளுகிறவன். ஆங்கிலம் என்றால் பலகைகளில் எழுதியிருப்பதைப் படிக்கிற அளவு.

அவள் பையை வீசிய வீச்சிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "யார் கூட மல்லுக்கு நின்னே?"

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். who, whom, பென்சில் கணக்கு, சீஃப், ஒல்லி சார், எழுதி வாங்கிக்கொண்டது வரைக்கும். "எனக்கு சரின்னு தெரியுதுங்க. ஆனா அவர் 'யாரை'ன்னு கேட்டதும் வாயடைச்சுப் போச்சு. இருபத்தொரு வருஷம் வாத்தியார் வேலை பார்த்து என்ன புண்ணியம்? ஒத்த வார்த்தைக்குப் பதில் சொல்லத் தெரியல."

"சரி விடு. எனக்கும் இன்னிக்கு இப்படித்தான் ஒரு கூத்து," என்றான் அவன், அவளைச் சமாதானப்படுத்துகிற குரலில். "ஆஸ்பத்திரி லிஃப்ட் பார்க்கப் போயிருந்தேன்ல? வெள்ளைச் சட்டை போட்டிருந்தேனா, ஒரு அம்மா என்னை டாக்டர்னு நெனச்சு ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டிடுச்சு. நானும் வாங்கிப் பார்த்துட்டு, கேபிள்ல ஒண்ணும் கோளாறு இல்லம்மான்னு..."

"நில்லுங்க. என்ன சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அதில்ல. அதுக்கு முன்னாடி. அந்த அம்மா..."

"என்னை டாக்டர்னு நெனச்சு..."

"நான் டாக்டர்னு நெனச்சு. அப்படியும் சொல்லலாமா?"

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "சொல்லலாமே. நான் டாக்டர்னு நெனச்சுடுச்சு. என்னை டாக்டர்னு நெனச்சுடுச்சு. ரெண்டும் ஒண்ணுதான்."

"நமக்கு ரெண்டும் ஒண்ணு," என்றாள் அவள். குரல் ஏறியது. "அதான். அதான் விஷயம். தமிழ்ல அவர்-னும் வரும், அவரை-ன்னும் வரும். நினைக்கிற விஷயத்துல தமிழ் ரெண்டையும் விடும். இங்கிலீஷ்ல அங்க ஒரு was உட்கார்ந்திருக்கு. was-க்கு he-தான் வேணும், him ஆகாது. சீஃப் தமிழ்ல டெஸ்ட் போட்டாரு. தமிழ் அவரை ஏமாத்திடுச்சு."

"அப்ப நான் உதவி பண்ணியிருக்கேன்."

"ஆமா," என்றாள். அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்பே அவள் சீஃப்பின் மேசைக்கு முன்னால் நின்றாள். அவர் டீ டம்ளரோடு வந்தார்.

"சார், அஞ்சு நிமிஷம். நீங்க எழுதுங்க, நான் சொல்றேன்."

அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பேனாவை எடுத்தார். அவள் கேள்வித்தாளின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து The man என்பதை மறைத்தாள். வாக்கியத்தின் வால் பகுதியையும் மறைத்தாள். நடுவில் இருப்பது மட்டும் தெரிந்தது: ____ everyone thought was the driver.

"இதுல வினைச்சொல் எத்தனை சார்?"

"thought. was. ரெண்டு."

"thought பண்ணினது யாரு?"

"everyone."

"was-க்கு எழுவாய் யாரு?"

சீஃப் பேனாவைத் தாளில் தட்டினார்.

"him போட்டு எழுதுங்க சார்."

அவர் எழுதினார். Everyone thought him was the driver. எழுதி முடித்ததும் him-ஐயும் was-ஐயும் சேர்த்து ஒரு வட்டம் போட்டார், ஏதோ மாணவன் எழுதியதைத் திருத்துவது போல. அதற்குக் கீழே தானாகவே he போட்டு எழுதினார்.

"யாரை டிரைவர்னு நெனச்சாங்கன்னு நீங்க கேட்டீங்களே, அது தப்பில்ல சார். ஆனா அதுக்கு இங்கிலீஷ் வாக்கியம் வேற. The man whom everyone took for the driver. Everyone took him for the driver. அங்க was இல்ல. அதனால him, அதனால whom. கேள்வி எழுதினவங்க அந்த வாக்கியத்தை மனசுல வச்சுக்கிட்டு இதை எழுதிட்டாங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது. சீஃப் தன் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, விரலை வைத்துப் படித்தார். அடுத்த பக்கத்திலும் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"இதை நேத்தே இப்படிச் சொல்லியிருக்கலாமே டீச்சர்," என்றார்.

"நேத்து he போட்டுப் பாருங்கன்னு சொன்னேன் சார்."

"சொன்னீங்க, சொன்னீங்க. சொல்ற மாதிரி சொல்லல."

அவளுக்குச் சுர்ரென்று வந்தது. அடக்கிக்கொண்டாள். "இப்ப என்ன சார் பண்றது? நேத்து முன்தினத்துலேர்ந்து எல்லா முகாம்லயும் who எழுதின பிள்ளைக்கு பூஜ்யம் விழுந்துக்கிட்டே இருக்கு."

"நீங்க ஒரு கடிதம் எழுதுங்க. நான் அனுப்பி வைக்கிறேன்."

"நீங்களும் கையெழுத்துப் போடுங்க சார். உங்க பேர் இருந்தா உடனே பார்ப்பாங்க."

அவர் கையேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். "நான் அனுப்பி வைக்கிறேன்," என்றார் மறுபடியும். அவள் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தாள். அவர் அதன் மூலையில் எழுதியது இரண்டே சொல்: தகவலுக்காக அனுப்பப்படுகிறது. பத்து மணிக் கெடுவைப் பதில் வரும்வரை தள்ளிவைத்தார் முகாம் அலுவலர்.

அன்று மதியம் வரை பதில் இல்லை. அவள் தேர்வு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மூன்று தடவை பாட்டு ஓடி அறுந்தது. நான்காவது தடவை ஒரு ஆள் எடுத்தார்.

"ஆங்கிலத் தாள்ல whom பத்தி ஒரு கடிதம் அனுப்பியிருந்தோம்..."

"ஹோமா? ஹோம் டிபார்ட்மென்ட்டு இங்க இல்லீங்க."

"ஹோம் இல்ல சார். ஹூம். டபிள்யூ, ஹெச், ஓ, எம்."

"அதுக்கு நீங்க யாரைப் பார்க்கணும்னா..."

"அதையேதான் சார் நானும் கேக்குறேன். யாரைப் பார்க்கணும்?"

"அது தெரியலயே," என்று வைத்துவிட்டார்.

பக்கத்துப் பெஞ்சிலிருந்த டீச்சருக்கு அவளைவிட நாலு வயது கூட. கமா டீச்சர் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா தன் கட்டைத் திருத்தியபடியே சொன்னாள்: "ஏன்டி உனக்கு இந்த வேலை? ஒரு மார்க்கு. அதுங்க who எழுதினதும் பாதி குருட்டாம்போக்கு. whom எழுதினதும் பாதி குருட்டாம்போக்கு."

"யோசிச்சு எழுதினது ஒண்ணு என் மேசையில கிடக்குக்கா. அதுக்கு நான் பெருக்கல் போட்டிருக்கேன்."

"அடிச்சுட்டு மார்க்கைப் போட்டுவிடு. யார் பார்க்கப்போறா?"

"ஒரு தாளுக்குப் போட்டா மத்த தாளுக்கு?"

அக்கா பேனாவை உதறிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஐந்தாம் நாள், முகாம் முடிய வேண்டிய நாள், மதியம் மூன்று மணிக்குச் சுற்றறிக்கை வந்தது. முகாம் அலுவலர் மைக்கில் வாசித்தார். முப்பத்திரண்டாம் கேள்விக்கு, தற்கால ஆங்கில வழக்கைக் கருத்தில் கொண்டு, who, whom ஆகிய இரண்டில் எதை எழுதியிருந்தாலும் ஒரு மதிப்பெண் வழங்க வேண்டும். ஏற்கெனவே திருத்திய கட்டுகள் அனைத்தையும் பிரித்து மதிப்பெண்ணை மாற்றி, மறுபடி கூட்டிக் கையெழுத்திட வேண்டும். இதற்காக முகாம் ஒரு நாள் நீட்டிக்கப்படுகிறது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

ஒல்லி சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "தற்கால வழக்கு! நான் அன்னிக்கே சொன்னேன்ல மேடம்? என் பாயிண்ட்டை அப்படியே எடுத்துக்கிட்டாங்க."

கமா டீச்சர் அவரைப் பார்த்தாள். திட்டக்கூடத் தெம்பில்லை. தற்கால வழக்கில் whom விழும் இடத்தில் who வரலாம், சரி. who வர வேண்டிய இடத்தில் whom எந்தக் காலத்தில் வந்தது? அவள் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வரியை யாராவது படித்திருப்பார்களா?

அக்கா கைப்பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்று மாலை ஆறரை வண்டி. ஊரில் அவள் தங்கைக்கு நாளை காலை கண் ஆபரேஷன், கூட இருப்பதாகச் சொல்லியிருந்தாள்.

"உன் ஒத்த எழுத்துக்கு," என்றாள் அக்கா. m என்று சொல்லக்கூட இல்லை. வராந்தாவுக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள். அவள் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. "இல்லடி, நாளைக்கு முடியாது... என்னத்தச் சொல்ல, ஒருத்தி இருக்கா இங்க..."

கமா டீச்சர் முகாம் அலுவலரிடம் போனாள். அக்காவின் கட்டுகளையும் சேர்த்துத் தானே பார்த்துவிடுவதாகச் சொன்னாள். ஒருவர் திருத்தியதில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது, விதி இருக்கிறது என்றார் அவர். அவள் சீஃப்பைப் பார்த்தாள்.

சீஃப் மெதுவாக எழுந்து வந்தார். "தலைமைத் தேர்வாளர் எந்தக் கட்டையும் மறுபார்வை பண்ணலாம். அதுவும் விதிதான்," என்றார் அலுவலரிடம். "அந்தம்மா கட்டையெல்லாம் என் மேசைக்கு அனுப்புங்க. அவங்க வண்டியைப் பிடிக்கட்டும்."

அக்கா கிளம்பிப் போனாள். கமா டீச்சரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சீஃப்பிடம் மட்டும் வணக்கம் சொன்னாள்.

ஆறாம் நாள் கூடத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. கட்டு பிரிக்கிற சத்தம், கூட்டுகிற முணுமுணுப்பு, விசிறி. அக்காவின் நூற்றெண்பது தாளையும் சீஃப் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் போல அவளைக் கூப்பிட்டார். கையேட்டின் பழைய பிரதி ஒன்று விரித்துக் கிடந்தது. பக்கமெங்கும் பென்சில் கோடுகள்.

"டீச்சர், இதைப் பாருங்க. Give the prize to ____ comes first. to வந்ததால whomever-னு போட்டிருக்கேன். இப்ப போட்டுப் பார்த்தா he comes first-னு வருது. him comes ஆகாது. அப்ப whoever-தானே?"

"whoever-தான் சார். to-வைப் பார்க்கக்கூடாது. comes-ஐப் பார்க்கணும்."

அவர் அடித்து எழுதினார். "இது பதினோராவது," என்றார். "அச்சாபீஸ்காரன் என்னைக் கொன்னுடுவான்." பிறகு, பென்சிலைப் பார்த்தபடியே, "கடிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கணும். போட்டிருந்தா ஒழுங்கான பதில் வந்திருக்குமோ என்னமோ."

வந்திருக்கும் என்று சொல்ல அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வந்திருக்காது என்று சொல்லவும் தோன்றவில்லை. "தெரியல சார்," என்றாள்.

தன் இடத்துக்கு வந்து கடைசிக் கட்டைப் பிரித்தாள். முதல் தாளில் who. பூஜ்யத்தை அடித்து ஒன்று போட்டாள், கூட்டலை மாற்றினாள், சுருக்கொப்பம் இட்டாள். இரண்டாம் தாளில் whom. அதற்கு ஏற்கெனவே ஒன்று விழுந்திருந்தது. அப்படியே விட வேண்டும். விட்டாள். மூன்றாம் தாளிலும் whom. நான்காவதில் கேள்வியைத் தொடவேயில்லை, கோடு வெறுமையாக இருந்தது. அதற்கு மட்டும் பூஜ்யம். யோசித்தவன், யோசிக்காதவன், தப்பாக யோசித்தவன் எல்லாருக்கும் ஒன்று. தெரியாது என்று சும்மா இருந்தவனுக்கு மட்டும் இல்லை.

பேனாவில் மை தீர்ந்து எழுத்து மங்கியது. பையில் வேறு பேனா இருக்கிறதா என்று துழாவினாள். இல்லை. பக்கத்துப் பெஞ்சு காலியாக இருந்தது. எழுந்து போய் ஒல்லி சாரிடம் சிவப்புப் பேனா கேட்டாள். அவர் கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பதினாறு தாள் பாக்கி இருந்தது.